ஒரு மணித்தியாலம் மேசையில் கிடந்த இரத்தப் பையை ஏன் திரும்ப எடுத்து வைப்பதில்லை?

கேள்வி: "அம்மாவுக்கு ரத்தம் ஏத்த எண்டு வாட்டுக்குப் பை கொண்டுவந்தவை. அந்த நேரம் பாத்து அம்மாவுக்குக் காய்ச்சல். டொக்டர் நாளைக்குப் பாப்பம் எண்டிட்டார். பை மேசையில ஒரு மணித்தியாலம் கிடந்தது. திறக்கவே இல்லை. ஆனா இரத்த வங்கியில அதை இனிப் பாவிக்கமாட்டினமாம், கழிக்கப் போயினமாம். ஏத்தத் தொடங்கினா நாலு மணித்தியாலம் வெளியிலதானே தொங்குது? வாட்டில ஃபிரிட்ஜும் இருக்கு, அதுக்குள்ள வைச்சிருக்கலாமே? ஒரு மணித்தியாலத்தில அப்பிடி என்ன பழுதாகும்?" (யாழ்ப்பாணத்திலிருந்து)

அந்தப் பையைக் கழித்தது சரி. நீங்கள் சொல்லும் 4 மணித்தியாலமும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிவதற்குக் காரணம், அவை இரண்டு வேறு ஆட்களைப் பாதுகாக்க வைத்த எல்லைகள் என்பதுதான். குளிரிலிருந்து வெளியே எடுத்த பையை 4 மணித்தியாலத்துக்குள் ஏற்றி முடிக்கவேண்டும் என்பது இன்று கட்டிலில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கான எல்லை. 30 நிமிடத்துக்கு மேல் வெளியில் இருந்த பையைத் திரும்ப இருப்பில் சேர்க்கக்கூடாது என்பது, அதே பையை மூன்று கிழமை கழித்து ஏற்றிக்கொள்ளப் போகும், யாரென்று தெரியாத இன்னொருவருக்கான எல்லை. வடக்கில் இரத்த வங்கி ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்தவன் நான். நோயாளிகளின் உறவினர்கள் கோபத்தோடும் கவலையோடும் கேட்கும் கேள்வி இது. யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த இரத்தம் குப்பைக்குப் போகும்போது கோபம் வருவது நியாயம்தான்.

வாட்டுக்கு வந்தது பெரும்பாலும் செங்குழியப் பையாக இருந்திருக்கும். கொடையாளியிடமிருந்து எடுத்த இரத்தத்தில் திரவவிழையத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, செங்குழியங்களோடு அவற்றுக்கு உணவான குளுக்கோசு கலந்த கரைசலைச் சேர்த்திருப்பார்கள். அதை வைக்கும் வெப்பநிலை 2 முதல் 6 பாகை செல்சியஸ். கரைசலின் வகையைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை பாவிக்கலாம். பைக்குள் இருக்கும் குழியங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சீனியை எரிக்கின்றன, கழிவாக லக்ரிக் அமிலத்தை விடுகின்றன, கிழடாகின்றன. குளிர் இதையெல்லாம் மெதுவாக்குகிறது. வெப்பநிலை 10 பாகை கூடினால் இந்த வேலைகள் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமாக நடக்கும். அப்படியானால் ஒரு மணித்தியாலம் 30 பாகையில் கிடந்த பை, குளிரில் சில மணித்தியாலம் இருந்ததைப்போலக் கொஞ்சம் கூடுதலாகக் கிழடாகியிருக்கும், அவ்வளவுதான். 42 நாள் கணக்கில் அது பெரிய இழப்பில்லை. ஆகவே குழியங்கள் செத்துவிட்டன என்பதற்காக உங்கள் பையைக் கழிக்கவில்லை. ஒரு மணித்தியாலத்தில் அவை சாகமாட்டா.

பயம் பற்றீரியாவைப் பற்றியது. ஊசி போடும் முன் கையை எவ்வளவு கவனமாகத் துடைத்தாலும் தோலின் ஆழத்தில் இருக்கும் சில பற்றீரியாக்கள் ஊசியோடு உள்ளே போகலாம். இதற்காகவே இப்போது பல இடங்களில் முதலில் வரும் கொஞ்ச இரத்தத்தை ஒரு சிறு பைக்குள் ஒதுக்கி, அதைப் பரிசோதனைக்கு எடுக்கிறார்கள். அப்படியும் ஒன்றிரண்டு தப்பிப் போகக்கூடும். பெரும்பாலான பற்றீரியாக்கள் 4 பாகையில் பெருகாமல் கிடக்கும், சில செத்தும் போகும். பிரச்சினை, குளிரிலும் பெருகக்கூடிய சில வகைகளால் வருகிறது. யெர்சினியா என்ற ஒன்று வயிற்றோட்டத்தை உண்டாக்குவது. லேசான வயிற்றுக் குழப்பம் வந்து மாறிய ஒருவரின் இரத்தத்தில் அது ஒளிந்திருக்கலாம். செங்குழியம் உடைந்து வெளிவரும் இரும்புச்சத்து அதற்கு நல்ல தீனி. குளிர்ப் பெட்டிக்குள் முதல் இரண்டு மூன்று கிழமை மெல்ல வளர்ந்து, அதன் பிறகு பெருந்தொகையாகிவிடும். அந்தப் பையை ஏற்றினால் சில நிமிடங்களிலேயே நடுக்கம், கடும் காய்ச்சல், இரத்த அழுத்தம் விழுதல் என்று தொடங்கி உயிராபத்தில் முடியலாம். அப்படியான ஒரு பைக்கு நடுவில் ஒரு மணித்தியாலச் சூடு கிடைத்து, மறுபடி குளிரில் 20 நாள் இருக்க இடமும் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதுதான் கவலை. உடனே ஏற்றிவிட்டால் பெருக அதற்கு நேரமில்லை. திரும்ப வைத்தால் நேரம் தாராளமாக இருக்கிறது.

இப்போது அந்த 30 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பையின் உட்பகுதி 10 பாகையைத் தாண்டக்கூடாது என்பதுதான் அடிப்படை. வண்டியில் கொண்டுபோகும்போதுகூட 10 பாகைதான் மேல் எல்லை. அறையில் வைத்த பை 10 பாகையைத் தொட எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பழைய காலத்தில் அளந்து பார்த்துத்தான் அரை மணித்தியாலம் என்று வைத்தார்கள். அந்த அளவுகள் குளிர்நாட்டு அறைகளுக்குப் பொருந்துபவை. சித்திரை மாதத்து யாழ்ப்பாண வாட்டுக்கு அதைக் கொண்டுவந்து பாருங்கள். அறை 22 பாகையாக இருந்தால், 4 பாகையில் எடுத்த பைக்கும் அறைக்கும் இடையில் 18 பாகை வித்தியாசம். நம் வாட்டில் 32 பாகை என்றால் வித்தியாசம் 28. வெப்பம் உள்ளே போகும் வேகம் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. அங்கே 30 நிமிடம் எடுத்த சூடேற்றம் இங்கே 18, 20 நிமிடத்தில் நடந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தால் இன்னும் விரைவு. இது காகிதக் கணக்குத்தான். பையின் பருமன், தட்டையாக வைத்தார்களா நிமிர்த்தி வைத்தார்களா என்பதைப் பொறுத்து மாறும். ஆனாலும் ஒரு மணித்தியாலம் முடியும்போது உங்கள் பையின் உட்பகுதி 10 பாகையைத் தாண்டி நிறைய நேரமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளிப்பக்கம் அதற்கு முன்னரே சூடாகியிருக்கும்.

30 நிமிடம் என்பது கல்லில் வெட்டிய விதி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். 60 நிமிடம் வரை வெளியில் விட்டுத் திரும்பக் குளிரில் வைத்த பைகளைச் சோதித்த ஆய்வுகளில், பற்றீரியா வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதன் பிறகு இங்கிலாந்தில் சில நிபந்தனைகளோடு 60 நிமிடம் வரை போன பைகளை ஏற்கிறார்கள். அப்படி வந்ததை ஒதுக்கி வைத்து 6 மணித்தியாலம் குளிர வைத்த பின்தான் மறுபடி வெளியே கொடுக்கலாம், ஒரு பைக்கு இத்தனை தடவைதான் என்ற எல்லையும் உண்டு. ஆகவே 31ஆவது நிமிடத்தில் ஏதோ வெடிக்கும் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அந்தச் சலுகை, பை எந்த நேரம் வெளியே வந்தது, எங்கே இருந்தது, எப்போது திரும்பியது என்று நிமிடக் கணக்கில் பதிவு இருக்கும் இடத்துக்கும், குளிர்ந்த அறைகளுக்கும் உரியது. 32 பாகை வாட்டில் "ஒரு மணித்தியாலம் வரும்" என்று கைக்கணக்கில் சொல்லப்படும் பைக்கு அதை நீட்டமுடியாது. நானாக இருந்தாலும் கழித்திருப்பேன்.

பையைப் பார்த்து நல்லதா பழுதா என்று முடிவெடுக்கலாமே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான் முடியும். வழக்கத்துக்கு மாறாகக் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருத்தல், கட்டி, குமிழிகள், பை உப்பியிருத்தல், அசையாமல் வைத்தபின் மேலே தெளியும் நீர் கடும் சிவப்பாக இருத்தல் ஆகியவை கெட்ட அறிகுறிகள். பையோடு ஒட்டியிருக்கும் குழாய்த் துண்டுகளின் நிறத்தையும் பையின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். துண்டு செக்கச் செவேலென்று இருக்க, பை கறுத்திருந்தால் அந்தப் பை வெளியே போகாது. ஆனால் ஆபத்தான அளவு பற்றீரியா இருந்தும் பார்வைக்கு நல்லதாகவே இருந்த பைகள் உண்டு. அதனால் பையின் வரலாறு தெரியாவிட்டால், பையின் தோற்றம் அதை ஈடுசெய்யாது.

வாட்டில் இருக்கும் ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் வைத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கலாம். வீட்டுப் பாவனைக்கான ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் 10 பாகையாக இருக்கும்போது பின்சுவரில் பனி பிடித்திருக்கும். மருந்து எடுக்க, தண்ணீர் எடுக்க என்று நாள் முழுவதும் திறந்து மூடுவார்கள். இரத்த வங்கிப் பெட்டிக்குள் விசிறி ஒன்று காற்றைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். வெப்பநிலையை அளக்கும் முனையை, பையைப்போலவே மெதுவாகச் சூடாகிக் குளிரும் ஒரு திரவப் போத்தலுக்குள் அமிழ்த்தி வைத்திருப்பார்கள். கதவைத் திறந்த ஒரு நிமிடத்துக்குப் பதறாமல், இரத்தம் உண்மையில் சூடாகும்போது மட்டும் எச்சரிக்கை மணி அடிப்பதற்காக அது. அந்த மணி மின்சாரம் போனாலும் அடிக்கவேண்டும், ஆகவே அதற்குத் தனி பற்றரி. 2022இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஜெனரேற்றர் இருக்கும் இடத்திலும் அது தொடங்கவில்லை என்று யாருக்காவது தெரியவேண்டும் அல்லவா?

பலரும் குளிர் கூடினால் நல்லதுதானே என்று நினைப்பதால், கீழ் எல்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூட்டில் ஒரு மணித்தியாலம் கிடந்த பையில் குழியங்கள் உயிரோடு இருக்கும். உறைந்த பையில் இருக்காது. பூச்சியத்துக்கு அரைப் பாகை அளவு கீழே போனால் பைக்குள் பனி கட்டத் தொடங்கும். தண்ணீர் பனியாக, மிஞ்சிய உப்பு செறிவாகி, குழிய மென்சவ்வுகள் கிழிந்து, உள்ளே இருந்த ஈமோகுளோபினும் பொற்றாசியமும் வெளியே கொட்டும். அதை ஏற்றினால் நோயாளிக்குச் சிவப்பாகச் சிறுநீர் போகும், சிறுநீரகம் பாதிக்கப்படும், பொற்றாசியம் இதயத் துடிப்பைக் குழப்பும். சிறுபிள்ளைகளுக்கும் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் இது இன்னும் ஆபத்து. அரிய வகை இரத்தங்களைக் கிளிசரோல் கலந்து மிகக் கடும் குளிரில் உறையவைத்து வருடக் கணக்கில் காப்பது உண்டு. அது வேறு வேலை. வாட்டுப் பையில் கிளிசரோல் இல்லை.

உறைதல் நடப்பது பெரும்பாலும் வண்டியில். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஒரு செங்குழியப் பை போகவேண்டும், பாதையில் ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில். றெஜிபோம் பெட்டி ஒன்றை எடுத்து, ஆழ்குளிரியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் பையைக் கீழே போட்டு, அதன் மேல் இரத்தப் பையை வைத்து மூடிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அந்த ஐஸ் பூச்சியத்தில் இல்லை, அது மறை 18 பாகையில் இருக்கிறது. ஒரு கிலோ ஐஸ் உருகத் தொடங்கும் முன்பே, மறை 18இலிருந்து பூச்சியத்துக்கு வரும் வழியில் மட்டும், ஒரு பையை 4 பாகையிலிருந்து பூச்சியத்துக்கு இறக்கத் தேவையானதைப்போல எட்டு மடங்கு வெப்பத்தை உறிஞ்சிவிடும். முழுப் பையும் கல்லாகாது. ஐஸோடு ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு படை மட்டும் உறையும். பருத்தித்துறை போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தணிந்து அந்தப் பகுதியும் உருகிவிடும். பெட்டியைத் திறப்பவர் வெப்பமானியைப் பார்ப்பார், 3 பாகை. பையும் ஒழுங்காகத்தான் தெரியும், ஏனென்றால் உடைந்த குழியங்களின் சிவப்பு மற்றச் சிவப்போடு கலந்துவிட்டது. நிமிர்த்தி வைத்துத் தெளியவிட்டால் அல்லது கொஞ்சம் எடுத்துச் சுழற்றிப் பார்த்தால்தான் மேல்நீர் சிவந்திருப்பது தெரியும். அவசரத்தில் யார் தெளியவிடப் போகிறார்கள்?

சரியான முறை மிக எளிது. ஐஸ் பைகளை வெளியே எடுத்து, மேற்பரப்பில் வெண்பனி போய் வியர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை விடவேண்டும். தண்ணீரும் பனியும் சேர்ந்திருக்கும்வரை அது பூச்சியத்துக்குக் கீழே போகாது, ஆகவே பையை உறையவைக்காது. அப்படியும் நேரே தொடவிடாமல் நடுவில் ஒரு காட்போட் மட்டை அல்லது தடித்த துணி வேண்டும். ஐஸை மேலே வைக்கவேண்டும், குளிர்காற்று கீழே இறங்கும். நல்ல மூடியுள்ள, மூன்று சென்றிமீற்றர் தடிப்பான பெட்டியில் ஒரு மணித்தியாலத்துக்கு உருகுவது கால் கிலோவைச் சற்றுத் தாண்டும். ஒரு கிலோ வியர்த்த ஐஸ் பருத்தித்துறைக்குப் போதும், வழியில் வண்டி நின்றாலும் போதும். பெட்டி நிறையாவிட்டால் வெற்றிடத்தைக் கசக்கிய காகிதத்தால் நிரப்பினால் நல்லது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே வண்டியில் குருதிச் சிறுதட்டுப் பையும் போகலாம், மாரி காலத்தில் டெங்கு கூடும்போது குறிப்பாக. அதற்கு வேண்டியது 20 முதல் 24 பாகை, வைத்திருக்கும் இடத்தில் ஓயாத மெல்லிய ஆட்டம், ஆயுள் 5 நாள் அளவு. அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் சிறுதட்டுகள் தட்டை வடிவம் இழந்து உருண்டையாகும். ஏற்றியபின் ஈரல் அவற்றைப் பழுதென்று கண்டு சீக்கிரமே இரத்தத்திலிருந்து அகற்றிவிடும். மறுநாள் சோதித்தால் எண்ணிக்கை எதிர்பார்த்தபடி கூடியிருக்காது. நல்ல பையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெல்ல அசைத்தால் உள்ளே பட்டுப்போலச் சுழலும் மினுக்கம் தெரியும், குளிர்பட்ட பையில் அது இல்லாமல் போகும். வெளியில் 33 பாகை இருக்கும் ஊரில் 22 பாகையைக் காப்பதும் சுலபமில்லை. அதற்கும் பெட்டி வேண்டும், ஆனால் ஐஸ் இல்லாத வேறு பெட்டி.

உங்கள் அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். காய்ச்சல் நேரத்தில் டொக்டர் தள்ளிவைத்ததும் சரியே. இரத்தம் ஏற்றும்போது காய்ச்சல் வந்தால் அதை ஓர் எச்சரிக்கையாகப் பார்ப்போம், ஏற்கெனவே காய்ச்சல் இருந்தால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. அடுத்த தடவை, பையை எடுத்துவர ஆள் அனுப்பும் முன் அம்மாவின் உடல் வெப்பநிலையை ஒருமுறை அளக்கச் சொல்லித் தாதியிடம் கேளுங்கள். கையில் கனுலா வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பை வந்தபிறகு நரம்பு தேடித் தேடியே அரை மணித்தியாலம் போவது வாட்டுகளில் அடிக்கடி நடப்பது. பை வந்து, உடனே ஏற்ற முடியாது என்று தெரிந்தால், மேசையில் வைக்காமல் அந்த நிமிடமே இரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்பினால் அதைக் காப்பாற்ற வழியுண்டு. பை சில்லென்று இருக்கிறதே என்று வீட்டுக்காரர்கள் அக்குளுக்குள் வைப்பதையும் சுடுதண்ணீரில் போடுவதையும் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். 42 பாகையைத் தாண்டினால் செங்குழியம் உடையத் தொடங்கும், கையால் தொட்டுப் பார்த்து அந்த எல்லையைக் கண்டுபிடிக்க முடியாது. மெதுவாக ஏற்றும்போது சில்லென்ற இரத்தம் பெரியவர்களுக்குக் கெடுதல் செய்யாது. அதிவேகமாக நிறைய ஏற்றவேண்டி வந்தால், குழாய் வழியே போகும்போதே சூடாக்கும் கருவி தியேட்டரில் இருக்கும்.